வீட்டுப்பாடங்கள் முடிந்துவிட்டதா, முடிந்துவிட்டனவா?

கேள்வி: ஐயா, என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். 'என் மாலைப்பொழுது' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். அதில், 'என் வீட்டுப்பாடங்கள் எல்லாம் இரவு எட்டு மணிக்கே முடிந்துவிட்டது. அப்பா வந்ததும் நோட்டுகளைக் காட்டினேன்' என்று எழுதினாள். 'முடிந்துவிட்டது' என்பதை வட்டமிட்டு அரை மதிப்பெண் குறைத்திருக்கிறார்கள். விளக்கம் எதுவும் எழுதவில்லை. 'எல்லாம் முடிந்துவிட்டது' என்றுதானே ஊரே பேசுகிறது, பத்திரிகையிலும் போடுகிறார்கள்? எனக்கே தவறு தெரியவில்லை. நீங்கள் தமிழாசிரியர் என்பதால் கேட்கிறேன், அவளுக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது?

பதில்: வணக்கம் அம்மா. வட்டம் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. அது 'முடிந்துவிட்டன' என்று இருக்க வேண்டும். ஆனால் பக்கத்தில் அந்த ஒரு சொல்லையாவது எழுதியிருக்கலாம். வெறும் வட்டத்தைப் பார்க்கும் பிள்ளை, எழுத்துப்பிழையா, சொல்லே தப்பா, கையெழுத்து சரியில்லையா என்று எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளும். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அறுபது நோட்டைத் திருத்தும் அவசரத்தில் இப்படி வட்டம் மட்டும் போட்டவன்தான். மறுவாரம் அதே பிள்ளைகள் அதே பிழையோடு வந்து நின்றபோதுதான், வட்டம் யாருக்கும் எதையும் சொல்லித்தரவில்லை என்று தெரிந்தது.

வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். நடுவில் இருக்கும் 'எல்லாம்', 'இரவு', 'எட்டு மணிக்கே' மூன்றையும் விரலால் மறைத்துவிடுங்கள். மிஞ்சுவது 'வீட்டுப்பாடங்கள் முடிந்துவிட்டது'. இப்போது உங்கள் காதுக்கே கொஞ்சம் இடிக்கும் என்று நினைக்கிறேன். முடிந்தவை எவை? வீட்டுப்பாடங்கள். அதுதான் எழுவாய். அதில் 'கள்' இருக்கிறது, ஆகவே பல. வினையின் வாலைப் பாருங்கள். 'விட்டது' என்பதன் கடைசியில் இருக்கும் 'து', ஒரே ஒரு பொருளைச் சொல்லும் விகுதி. இலக்கணத்தில் ஒன்றன்பால் விகுதி என்பார்கள். 'விட்டன' என்பதன் கடைசியில் ஒலிக்கும் 'அ' பலவற்றைச் சொல்வது, பலவின்பால் விகுதி. அதற்கு முன்னால் நிற்கும் 'அன்' வெறும் சாரியை. பிள்ளையிடம் இந்தப் பெயர்களைச் சொல்ல வேண்டியதில்லை. 'து' வந்தால் 'அது', 'ன' வந்தால் 'அவை' என்று சொன்னால் போதும். அது முடிந்துவிட்டது, அவை முடிந்துவிட்டன. அவள் வாக்கியத்தில் தலை 'அவை' என்கிறது, வால் 'அது' என்கிறது. தலையும் வாலும் ஒத்துப்போகவில்லை. அரை மதிப்பெண் போனது அதற்குத்தான்.

இவ்வளவு சின்ன விஷயத்தை ஆறாம் வகுப்புப் பிள்ளை ஏன் தவறவிட வேண்டும்? அவள் கவனக்குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். நம் பேச்சுதான் காரணம்.

உங்கள் வீட்டில் எப்படிப் பேசுவீர்கள்? 'ஹோம்வொர்க் முடிஞ்சிருச்சு' என்பீர்கள். 'எல்லா ஹோம்வொர்க்கும் முடிஞ்சிருச்சு' என்றும் அதே வினையைத்தான் சொல்வீர்கள். 'மாடு வந்துச்சு', 'மாடுங்க வந்துச்சு'. ஒன்றானாலும் ஒன்பதானாலும் 'ச்சு'தான். அஃறிணையில் பன்மைக்கென்று தனி வினை நம் அன்றாடப் பேச்சில் இல்லை. அது எழுத்தில் மட்டும்தான் இருக்கிறது. பிள்ளை எழுதும்போது என்ன செய்கிறாள்? மனதுக்குள் பேசிப்பார்த்து, 'முடிஞ்சிருச்சு' என்பதை எழுத்துத்தமிழுக்கு மாற்றுகிறாள். 'ச்சு' வந்த இடத்தில் எல்லாம் 'து' போட்டுவிடுகிறாள். பாதி நேரம் அது சரியாகவும் அமைந்துவிடும், ஏனென்றால் பாதி நேரம் பொருள் ஒன்றுதான்.

இது உண்மையா என்று அவள் நோட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். பழைய கட்டுரைகளைப் புரட்டி, ஆட்களைப் பற்றி எழுதிய வாக்கியங்களைப் பாருங்கள். 'மாணவர்கள் வந்தான்' என்று ஓரிடத்திலாவது எழுதியிருக்கிறாளா? இருக்காது. 'தம்பி வந்தான், பசங்க வந்தாங்க' என்று பேச்சிலேயே ஒருமையும் பன்மையும் வேறுவேறாக இருப்பதால், எழுத்திலும் 'வந்தான், வந்தார்கள்' என்று தானாக வந்துவிடுகிறது. ஆனால் 'பறவைகள் பறந்தது', 'பூக்கள் மலர்ந்தது' என்று இரண்டு மூன்று கண்டிப்பாகக் கிடைக்கும். ஆட்களில் பிழை இல்லாமல் பொருள்களிலும் விலங்குகளிலும் மட்டும் பிழை வந்தால், அவளுக்கு ஒருமை பன்மை தெரியாது என்று அர்த்தமில்லை. பேச்சு கற்றுத்தராத ஓர் இடத்தை எழுத்து தனியாகக் கற்றுத்தர வேண்டும், அவ்வளவுதான். ஆட்களிலும் சேர்த்துப் பிழை வந்தால் அது வேறு சிக்கல், வேறு மாதிரி தொடங்க வேண்டும்.

இன்னொரு குழப்பமும் சேர்கிறது. இந்த விதி எல்லா வினையிலும் தலைகாட்டுவதில்லை. 'பாடம் நாளை முடியும்', 'பாடங்கள் நாளை முடியும்': எதிர்காலத்தில் ஒன்றுக்கும் பலவற்றுக்கும் ஒரே வடிவம். 'பாடம் முடியவில்லை', 'பாடங்கள் முடியவில்லை': எதிர்மறையிலும் அப்படியே. ஆக இறந்தகாலத்திலும் நிகழ்காலத்திலும்தான் வால் மாறுகிறது. 'வரும்' என்று எழுதும்போது எப்போதும் தப்பித்துவிடும் பிள்ளை, 'வந்தது' என்று எழுதும்போது மட்டும் மாட்டிக்கொள்கிறாள். அவளுக்கு அது ஏதோ அதிர்ஷ்டம்போலத்தான் தெரியும். கடைப் பலகைகளைப் பாருங்கள். 'பழைய நகைகள் வாங்கப்படும்' என்ற பலகையில் இந்தப் பிழையே வராது, எதிர்காலம் காப்பாற்றிவிடுகிறது. 'விண்ணப்பங்கள் வரவேற்கப்படுகிறது' என்று எழுதுகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். 'வரவேற்கப்படுகின்றன' என்று இருக்க வேண்டும். அடுத்த முறை கடைத்தெருவுக்குப் போகும்போது அவளையே தேடச் சொல்லுங்கள். பெரியவர்களின் பிழையைக் கண்டுபிடிப்பதில் பிள்ளைகளுக்கு இருக்கும் உற்சாகம் வேறு எதிலும் இருப்பதில்லை.

நிகழ்காலத்தில் ஒரு சின்னத் திருகல் உண்டு. 'இருக்கிறது' என்பதன் பன்மை 'இருக்கிறன' ஆகாது. 'இருக்கின்றன' என்று நடுவில் 'ன்' சேர்ந்துகொள்ளும். 'கிறது' என்றால் ஒன்று, 'கின்றன' என்றால் பல. 'உள்ளது, உள்ளன' ஜோடி இதைவிடச் சுலபம். அவளுக்குச் சிரமமாக இருந்தால் முதலில் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். 'எல்லாம்' என்ற சொல் வந்தால் ஒருமை வினை போடலாமே என்கிறீர்கள். இதற்குப் பதில் உங்கள் மகளுக்கு மனப்பாடமாகவே தெரியும். முதல் குறளைச் சொல்லச் சொல்லுங்கள்.

'அகர முதல எழுத்தெல்லாம் ஆதி
பகவன் முதற்றே உலகு.'

இதை எத்தனையோ முறை ஒப்பித்திருப்பாள். 'முதல' என்பதற்கும் 'முதற்று' என்பதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்டுப்பாருங்கள். இரண்டும் 'முதலாக உடையது' என்ற பொருளில் வரும் சொற்கள்தாம். ஆனால் முதல் பாதியில் எழுவாய் 'எழுத்தெல்லாம்'. எழுத்துகள் பல, ஆகவே 'முதல்' என்பதோடு பன்மையின் 'அ' சேர்ந்து 'முதல' ஆனது. அகரத்தை முதலாக உடையன என்று பொருள். இரண்டாம் பாதியில் எழுவாய் 'உலகு'. உலகு ஒன்று, ஆகவே ஒருமையின் 'து' சேர்ந்து 'முதற்று' ஆனது. ஆதிபகவனை முதலாக உடையது. 'விட்டன' என்பதன் கடைசியில் இருக்கிற அதே 'அ'தான் 'முதல' என்பதிலும் இருக்கிறது. 'விட்டது' என்பதன் 'து'தான் 'முதற்று' என்பதில் றகரத்தோடு சேர்ந்து 'று' ஆகியிருக்கிறது. ஒரே குறளுக்குள் ஒருமையும் பன்மையும் அடுத்தடுத்து நிற்கின்றன.

அதிலேயே இன்னொன்றையும் கவனியுங்கள். வள்ளுவர் 'எழுத்துகள்' என்று சொல்லவில்லை, 'எழுத்து' என்றுதான் சொல்கிறார். பழைய தமிழில் அஃறிணைப் பெயருக்குக் 'கள்' போடுவது கட்டாயமில்லை. 'மாடு வந்தது' என்றால் ஒரு மாடு, 'மாடு வந்தன' என்றால் பல மாடு. எத்தனை என்பதை வினைதான் சொல்லும். பால் பகா அஃறிணைப் பெயர் என்று நன்னூல் சொல்வது இதைத்தான். இன்றைக்கு நாம் தலைகீழாக நிற்கிறோம். பேச்சில் பெயர் மட்டும் எத்தனை என்று சொல்கிறது, வினை வாயை மூடிக்கொண்டது. அந்த மாற்றத்தின் நடுவில்தான் உங்கள் மகளின் வாக்கியம் நிற்கிறது.

ஆனால் 'எல்லாம்' விஷயத்தில் உங்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 'எல்லாம் முடிந்துவிட்டது' என்று தனியாக எழுதினால் நான் வட்டமிட மாட்டேன். அங்கே 'எல்லாம்' என்பது எண்ணிப் பார்க்கும் பலவற்றைக் குறிக்கவில்லை, மொத்தத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிச் சொல்கிறது. வேலை ஓய்ந்தது, கதை முடிந்தது என்கிற மாதிரி. நல்ல எழுத்தாளர்களும் அப்படி எழுதுகிறார்கள். 'வீட்டுப்பாடம் எல்லாம் முடிந்துவிட்டது' என்று 'கள்' இல்லாமல் எழுதியிருந்தாலும் பெரும்பாலும் விட்டுவிடுவேன். கறாரான ஆசிரியர் ஒருவர் அங்கேயும் 'விட்டன' கேட்கலாம், குறள் அவர் பக்கம் இருக்கிறது. ஆனால் 'வீட்டுப்பாடங்கள்' என்று 'கள்' போட்டுத் தனித்தனியாக எண்ணிக் காட்டிவிட்டாள் அல்லவா? அதற்கப்புறம் 'எல்லாம்' வந்து காப்பாற்ற முடியாது. பத்திரிகையில் வருவதைப் பொறுத்தவரை, நீங்கள் பார்த்தது எந்த வகை என்று ஒருமுறை பாருங்கள். 'எல்லாம் முடிந்தது' வகையா, 'கடைகள் மூடப்பட்டது' வகையா? முதலாவது வழக்கு. இரண்டாவது அச்சில் வந்தாலும் பிழைதான்.

எல்லா இடத்திலும் இப்படிக் கறாராக இருக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'இது என் நோட்டு அல்ல' என்று எல்லோரும் எழுதுகிறோம். பழைய இலக்கணப்படி 'அல்ல' பன்மைக்கு உரியது. ஒன்றுக்கு 'அன்று' என்றுதான் வர வேண்டும். 'இது அன்று, இவை அல்ல.' ஆனால் இன்றைக்கு 'அன்று' என்று எழுதினால் 'அந்த நாளில்' என்றுதான் பாதிப்பேர் படிப்பார்கள். அதற்கு நான் மதிப்பெண் குறைப்பதில்லை. 'விட்டது, விட்டன' அப்படி வழக்கொழிந்த வேறுபாடு இல்லை. பாடநூலிலும் செய்தியிலும் உயிரோடு இருக்கிறது.

அவளுக்குச் சொல்லித்தரும்போது ஒரு ஆபத்து இருக்கிறது. நானே பல வகுப்புகளில் பார்த்தது. 'கள் வந்தால் ன போடு' என்று ஒரே வரியில் சொல்லிக்கொடுத்தால், மறுநாளே 'வீட்டுப்பாடங்களை முடித்துவிட்டன' என்று எழுதிக்கொண்டு வருவார்கள். 'கள்' இருக்கிறதே! ஆனால் இங்கே 'கள்'ளோடு 'ஐ' ஒட்டியிருக்கிறது. 'வீட்டுப்பாடங்களை' என்பது செயப்படுபொருள். முடித்தது யார்? நான். ஆகவே 'முடித்துவிட்டேன்'. இப்போது வினையும் மாறியிருப்பதைக் கவனியுங்கள். பாடங்கள் தாமே முடிந்தால் 'முடிந்து', ஒருவர் முடித்தால் 'முடித்து'. உங்கள் மகள் எழுதிய அடுத்த வாக்கியம் இதே வகைதான்: 'நோட்டுகளைக் காட்டினேன்'. அங்கே 'கள்' இருந்தும் 'காட்டினேன்' என்று சரியாக எழுதியிருக்கிறாள். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் காது சரியாக இருக்கிறது. அந்த வாக்கியத்தையே எடுத்துக்காட்டாக வைத்துச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வாள்.

ஆகவே 'கள்'ளைத் தேடச் சொல்லாதீர்கள். முதலில் கடைசி வினையில் விரல் வைக்கச் சொல்லுங்கள். அந்த வினையிடம் 'முடிந்தது எது?' அல்லது 'முடிந்தவை எவை?' என்று கேட்கச் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக வரும் சொல்லை வினைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, நடுவில் உள்ளதை மறைத்துவிட்டு, சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவளுடைய வாக்கியத்தில் எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே நான்கு சொற்கள் நிற்கின்றன. அதுவும் 'எட்டு மணிக்கே' வரை வருவதற்குள் தொடங்கியது பன்மையில் என்பது மறந்துபோகும். வாக்கியம் நீள நீள இந்தப் பிழை கூடும். சின்ன வாக்கியத்தில் பிழையில்லாமலும் நீளமானதில் பிழையோடும் எழுதினால், விதி தெரியும், தூரம்தான் தடுக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

ஐந்து வாக்கியங்கள் தருகிறேன். கடைசிச் சொல்லை அவளே முடிக்கட்டும். 'தமிழும் ஆங்கிலமும் முடிந்து...', 'பாடப்புத்தகங்களின் எடை கூடி...', 'ஒவ்வொரு கணக்கும் சரியாக இரு...', 'மீதிக் கணக்குகள் நாளை முடி...', 'வரைபடங்களை நோட்டில் ஒட்டி...'. ஒவ்வொன்றுக்கும் விடையோடு காரணத்தையும் சொல்லச் சொல்லுங்கள். விடை மட்டும் சரியாக வந்தால் பாதிதான்.

விடைகள் உங்களுக்காக. முதலாவதில் 'கள்' எங்கேயும் இல்லை. ஆனால் 'உம்' இரண்டு பாடங்களைச் சேர்க்கிறது, ஆகவே 'முடிந்துவிட்டன'. இரண்டாவதில் 'புத்தகங்களின்' என்று பன்மை இருந்தாலும் கூடியது எடை. எடை ஒன்று, ஆகவே 'கூடிவிட்டது'. பிள்ளைகள் அதிகம் வழுக்குவது இதில்தான், நிதானமாகப் பாருங்கள். மூன்றாவதில் 'ஒவ்வொரு' என்பது எத்தனை கணக்கு இருந்தாலும் ஒவ்வொன்றாகத்தான் எடுத்துப் பார்க்கிறது, ஆகவே 'இருந்தது'. 'ஒவ்வொரு கணக்குகளும்' என்று எழுதுவதும் இதே காரணத்தால் பிழை. நான்காவது எதிர்காலம், 'முடியும்', ஒன்றானாலும் அதுவே. ஐந்தாவதில் ஒட்டியது அவள், வரைபடங்கள் தாமாக ஒட்டிக்கொள்ளவில்லை, ஆகவே 'ஒட்டிவிட்டேன்'. உங்கள் சின்னவன் ஒட்டிக் கொடுத்திருந்தால் 'ஒட்டிவிட்டான்'.